நாற்பது பேரில் சில பேர்

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கத் தடித்த பஞ்சு ஒட்டியிருப்பார்கள். கதவைச் சாத்தினால் தெருவின் இரைச்சல், மாடிப்படியின் காலடி, ஏன், சொந்தப் பெருமூச்சுகூட எங்கோ போய்விடும். பதினோரு வருடமாக அந்த அறைக்குள் மனிதர்களை அழைத்துப்போய் உட்காரவைத்து, மறுபடி வெளியே கூட்டிவருவதுதான் அவருடைய பிழைப்பு. மொழி ஆய்வுக்கூடத்தின் உதவியாளர். அங்கே எல்லோரும் அவரைப் புள்ளி அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் தூங்கிக்கொண்டிருந்தது.

புள்ளி என்றால் திரையில் வரும் புள்ளி. ஒன்பது கட்டங்கள், அவற்றில் சில புள்ளிகள், ஒரு நொடிகூட நிற்காமல் மறைந்துவிடும். உடனே ஒரு வாக்கியம் வரும், உதாரணத்துக்கு: ‘சில காகங்கள் பறவைகள்.’ வந்தவர் சரி அல்லது தவறு என்று பொத்தானை அமுக்க வேண்டும். பிறகு காலிக் கட்டங்கள் வரும். முதலில் பார்த்த புள்ளிகள் எங்கெங்கே இருந்தன என்று காட்ட வேண்டும். ஒருவருக்கு இப்படி எண்பது தடவை. பொத்தானை அமுக்க எடுத்த நேரத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி வரைக்கும் இயந்திரம் குறித்துக்கொள்ளும்.

முதன்முதலில் அந்தக் காக வாக்கியத்தைப் பார்த்தபோது புள்ளி அண்ணனுக்குச் சிரிப்புதான் வந்தது. படித்த ஜனங்களுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது என்று மனைவியிடம் சொன்னார். போகப்போகத்தான் அதிலுள்ள குறும்பு புரிந்தது. எழுத்துப்படி பார்த்தால் அந்த வாக்கியத்தில் பிழையே இல்லை. எல்லாக் காகமும் பறவை என்றால் சில காகமும் பறவைதானே. ஆனால் கேட்கிறவர் அதோடு நிற்க மாட்டார். எல்லாம் என்று சொல்லியிருக்கலாமே, சில என்று ஏன் சொன்னான், அப்படியானால் எல்லாம் இல்லை போலும் என்று சொல்லாத ஒன்றைத் தானே சேர்த்துக்கொண்டு ‘தவறு’ என்று அமுக்குவார். யாரும் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததில்லை.

அந்தச் சேர்த்துக்கொள்ளலுக்கு மூளை ஏதாவது விலை கொடுக்கிறதா என்பதுதான் அங்கே பல வருடமாக நடந்த விவகாரம். முன்பு நடந்த ஒரு சோதனையில், அந்த வாக்கியத்துக்குத் தவறு என்றவர்கள் சரி என்றவர்களைவிட அரை நொடி போலத் தாமதமாக அமுக்கினார்கள். யோசிக்க நேரம் தராமல் விரட்டியபோது சரி என்பவர்களின் எண்ணிக்கை கூடியது. புள்ளிகள் வந்தது அதையே வேறொரு வழியில் பிடித்துப் பார்க்கத்தான். புள்ளிகளை மனத்தில் சுமந்துகொண்டிருக்கும்போது வாக்கியம் வந்தால், மிச்சமிருக்கும் மூளையை வைத்துக்கொண்டு அந்த அனுமானத்தைச் செய்ய முடிகிறதா? முடியவில்லையென்றால் அதற்கு உழைப்பு தேவை என்று அர்த்தம். முடிகிறதென்றால் அது ஏறக்குறைய இலவசம்.

இந்தச் சோதனையை நடத்தியவர் ஒரு பள்ளி ஆசிரியை. நாற்பது வயதுக்கு மேல் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர். பள்ளியில் வாங்கிய விடுப்பு இரண்டே மாதம். வரும் எண்பது பேரை இரண்டாகப் பிரித்தார். நாற்பது பேருக்கு மூன்று புள்ளிகள் ஒரே கோட்டில் வரும். குழந்தைகூட நினைவில் வைத்துக்கொள்ளும். மற்ற நாற்பது பேருக்கு நான்கு புள்ளிகள் கண்டபடி சிதறி வரும். அவர் வாக்கியங்களைச் சரிபார்க்க, புள்ளி அண்ணன் ஆட்களை உட்காரவைத்தார்.

புள்ளி அண்ணனின் வியாதி இரக்கம். சிதறிய புள்ளி வந்த முதல் நாளே ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் நெற்றியில் வியர்வையோடு திரும்பிப் பார்த்தார். பரீட்சையில் பெயிலாகும் முகம். புள்ளி அண்ணன் பக்கத்தில் போனார். குனிந்து, புள்ளி தப்பினால் பரவாயில்லை ஐயா, வாக்கியத்தைக் கவனித்தால் போதும் என்று சொல்லிவிட்டார். தபால்காரர் முகம் மலர்ந்தது. அடுத்து வந்த தையல்காரப் பெண்ணிடமும் சொன்னார். அதற்கடுத்து வந்தவரிடம் அவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே சொன்னார். அந்த மெத்தென்ற அறையின் மௌனத்தில் அது ஒரு தாலாட்டு மாதிரி அவர் வாயில் தானாக வந்துகொண்டிருந்தது. கோட்டுப் புள்ளிக்காரர்களிடம் சொல்லவில்லை. அவர்கள்தான் கஷ்டப்படவே இல்லையே.

அவர் மூளையைச் சும்மா விட்டால் அது மிதக்கும். பேருந்து ஜன்னலில் மழைத்துளி ஒட்டியிருந்தால் அதிலும் ஒன்பது கட்டம் போட்டுப் பார்ப்பார். கண்ணை மூடினால் நான்கு வெள்ளைப் புள்ளிகள் மெல்ல மேலேறி, சுவரைக் கடந்து, எங்கோ வானத்தில் போய் நிற்கும். இந்தச் சுகத்தில் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

கணக்குப் போட்டபோது டீச்சருக்குக் கால் தரையில் படவில்லை. இரண்டு கூட்டத்திலும் அந்த மாதிரி ‘சில’ வாக்கியங்களுக்கு நூற்றுக்கு அறுபது தடவை போலத் தவறு என்றே அமுக்கியிருந்தார்கள். சுமை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். நம் மொழி பேசுகிறவர்களுக்கு இந்த அனுமானம் மூச்சு விடுவதுபோல வருகிறது என்று எழுதத் தொடங்கிவிட்டார். ஒன்றே ஒன்று மட்டும் இடித்தது. சிதறிய புள்ளிக்காரர்கள் புள்ளிகளைப் பாதிக்கு மேல் தப்பாகக் காட்டியிருந்தார்கள். ஒரு மத்தியானம் புள்ளி அண்ணனைக் கூப்பிட்டு, புள்ளியைப் பற்றி யாரிடமாவது ஏதாவது சொன்னீர்களா என்று கேட்டார்.

புள்ளி அண்ணனுக்கு அந்தக் கணத்தில்தான் எல்லாம் விளங்கியது. சுமக்கச் சொன்ன மூட்டையை வாசலிலேயே இறக்கிவைக்கச் சொல்லியிருக்கிறார். நாற்பது பேரில் ஒருவரும் எதையும் சுமக்கவில்லை. வருடாவருடம் புதுப்பிக்கப்படும் வேலை அவருடையது. இந்த டீச்சர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“சில பேர்கிட்ட, பரவாயில்லன்னு சொன்னேன் டீச்சர்” என்றார்.

டீச்சர் மூச்சை விட்டார். அவ்வளவுதானே, அவர்களை மட்டும் நீக்கிவிடலாம், யார் யாரென்று குறித்துக்கொடுங்கள் என்றார். புள்ளி அண்ணன் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய், ரொம்பத் திணறிய பதினோரு பேரின் எண்களைச் சுழித்துக்கொடுத்தார். மீதி இருபத்தொன்பது பேரின் புள்ளிகளும் பிரமாதமில்லைதான்; சிதறிய புள்ளி கஷ்டம், அப்படித்தான் இருக்கும் என்று டீச்சர் மனத்தைத் தேற்றிக்கொண்டார். மறுபடி கணக்குப் போட்டார். அதே அறுபது. திங்கட்கிழமை கட்டுரையை அனுப்பிவிடப் போவதாகச் சொல்லி இனிப்பு வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். புள்ளி அண்ணன் கையிலும் ஒன்று வைத்தார். அது அவர் சட்டைப்பையிலேயே உருகிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாள் மருத்துவமனையில் தாதி. நோயாளி சில மாத்திரை சாப்பிட்டேன் என்றால் மீதி எங்கே என்று தலையணைக்கடியில் தேடுகிறவள். அவளிடம் பூசி மெழுக முடியாது. ஆனாலும் முயன்றார். தான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லையே, நாற்பது பேரிடம் சொன்னவன் சில பேரிடமும் சொன்னவன்தானே என்றார். பதினோரு வருடப் படிப்பை இதற்குத்தான் பயன்படுத்தினார் பாவி மனுஷன்.

“பொய் இல்லதான்” என்றாள் அவள். “ஆனா சிலன்னு சொன்னா, மத்தவங்ககிட்ட சொல்லலன்னு அவங்க எடுத்துப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியும். அதுக்காகத்தானே அந்த வார்த்தைய எடுத்தீங்க.”

அவர் ஒரு போர்வையின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றார். போர்வையின் வெளுப்புக்குள் நான்கு புள்ளிகள் தெரிந்தன; அவை மேலே போகவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. வெட்கமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

திங்கட்கிழமை டீச்சருக்கு முன்னால் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார். டீச்சர் வந்ததும் எழுந்தார். சுற்றி வளைக்கவில்லை.

“நாப்பது பேர்கிட்டயும் சொன்னேன் டீச்சர். ஒருத்தர் பாக்கி இல்ல. அந்தப் பதினோரு பேர் நானா எடுத்த எண்.”

டீச்சர் சாவியைப் பூட்டில் வைத்தபடியே நின்றார். கோட்டுப் புள்ளிக்காரர்களிடம் சொன்னீர்களா என்று மெல்லக் கேட்டார். இல்லை என்றார். அந்த இல்லையில்தான் எல்லாம் முடிந்தது. ஒரு பக்கம் மட்டும் சுமையை இறக்கியாகிவிட்டது, ஒப்பிட எதுவுமில்லை. டீச்சர் கதவைத் திறந்து, கணினியைப் போட்டு, அனுப்ப வைத்திருந்த கட்டுரையை அழித்தார். அழவில்லை. அழுதிருந்தால் புள்ளி அண்ணனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

டீச்சர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பி, “நீங்க சிலன்னு சொன்னதும், எல்லாரும் இல்லன்னு நானே முடிவு பண்ணிட்டேன். எல்லாருமான்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணல. இதுல போய் ஆராய்ச்சி பண்றேன்” என்றார்.

விடுப்பு முடிந்து டீச்சர் பள்ளிக்குத் திரும்பினார். சனிக்கிழமைகளில் வந்து புதிதாக நாற்பது பேரைச் சிதறிய புள்ளிகளோடு உட்காரவைத்தார். புள்ளி அண்ணனை வேலையிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் பேச வேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுத்து, இதற்கு மேல் ஒரு எழுத்துகூட வேண்டாம் என்றார். புதிதாக வந்தவர்கள் வியர்த்தார்கள், திரும்பிப் பார்த்தார்கள், உதட்டைக் கடித்தார்கள். புள்ளி அண்ணன் நாக்கை மடித்து வைத்துக்கொண்டு அந்த மெத்தென்ற மௌனத்தில் நின்றார். கஷ்டப்படுகிறவரைக் கஷ்டப்பட விடுவதுதான் வேலை என்பது அவருக்கு அத்தனை வயதில் புதிது.

நாற்பது பேரும் முடிந்தபோது கணக்கு மாறியிருந்தது. சுமையோடு வந்தவர்கள் தவறு என்று அமுக்கியது அறுபதிலிருந்து ஐம்பதுக்குக் கீழே இறங்கியிருந்தது. காகத்தைப் பற்றிய மற்ற வாக்கியங்களில், எல்லாக் காகங்களும் பறவைகள், சில காகங்கள் மீன்கள் போன்றவற்றில், இரண்டு கூட்டமும் ஒரே மாதிரிதான் சரியாக அமுக்கியது. அந்த ஒரு அனுமானம் மட்டும் சுமை ஏறினால் தடுமாறியது. இலவசம் என்று உலகத்துக்கு அறிவிக்கப் போனதுக்கு விலை இருந்திருக்கிறது. ஆறு மாதம் தள்ளிப்போன பட்டத்தோடு, தன் பெயரில் வரவிருந்த ஒரு தப்பும் தள்ளிப்போயிற்று என்று டீச்சர் சொல்லவில்லை. தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

வாசல்வரை போன புள்ளி அண்ணன் திரும்பி வந்தார். இன்னும் கோபமா என்று கேட்டார்.

“கொஞ்சம் கோபம் இருக்கு அண்ணா.”

கொஞ்சம்தானே என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட அவருக்கு ரொம்ப ஆசையாக இருந்தது. ஆனால் போகவில்லை.

“கொஞ்சம்தானா, முழுக்கவா டீச்சர்?” என்று கேட்டார்.

டீச்சர் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். அவர் அங்கேயே நின்று காத்திருந்தார்.