எல்லைப்புற உறுப்பு

சொர்ணம் மேடத்துக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. பதினான்கு வருடமாகக் கல்லூரியில் கெஸ்ட் லெக்சரர். இயற்பியல். நாற்காலி நிரந்தரமில்லை என்று தெரிந்தவர்கள் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார்கள் போலிருக்கிறது. ஆடுகோடி என்ற பேட்டையில் வீடு. மாமியாரின் மருந்து, மகளின் பள்ளி, காலை ஏழரைக்குப் பஸ். வகுப்புக்குள் நுழையும்போதே கரும்பலகையில் பாதி எழுதி முடித்திருப்பார். நானும் அதே கெஸ்ட் ஜாதிதான். இருபது வருடமாகிறது, ஆனால் நான் நன்றாகச் சாய்ந்து உட்காருவேன்.

இந்த வருடம் ஜனவரியில் எம்.எஸ்ஸி. விடைத்தாள் திருத்த எங்கள் இருவரையும் போட்டிருந்தார்கள். பெரிய ஹால், நாற்பது மேஜை, சிவப்புப் பேனா. ஒவ்வொரு தாளையும் இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்த வேண்டும். இரண்டு மதிப்பெண்ணுக்கும் ரொம்ப வித்தியாசம் வந்தால் மூன்றாவது ஆள் பார்ப்பார். தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். மதிப்பெண்ணைத் தனிச் சீட்டில்தான் போடுவோம்; முதலில் திருத்தியவர் யார், எத்தனை போட்டார் என்று இரண்டாமவருக்குத் தெரியாது. எல்லோர் கையிலும் ஒரு ஸ்கீம் இருக்கும். அதாவது கேள்வித்தாள் தயாரித்தவரே எழுதிக் கொடுத்த விடையும், எந்த வரிக்கு எத்தனை மார்க் என்ற பட்டியலும். தயாரித்தவர் யார் என்பது பரம ரகசியம். சேர்மனுக்கு மட்டும்தான் தெரியும்.

சேர்மன் ராஜேஷ்குமார், கன்னடக்காரர். எங்கள் துறைத் தலைவரும் அவரே. அடுத்த செமஸ்டருக்கான கெஸ்ட் லெக்சரர் பட்டியல் திங்கட்கிழமை அவர் மேஜையிலிருந்துதான் வெளியே வரும். ஹாலில் எல்லோருடைய பேச்சும் அதைப் பற்றித்தான்.

வியாழக்கிழமை மதியம் சொர்ணம் எழுந்தார். ஜன்னல் வரை போனார், திரும்பினார், தண்ணீர் குடித்தார், மறுபடி ஜன்னல். எனக்கு எரிச்சலாக வந்தது. நடப்பவர்களைப் பார்த்துக்கொண்டு கூட்டல் போட முடியாது. கடைசியில் ஒரு விடைத்தாளோடு என் மேஜைக்கே வந்தார்.

"ஓஸ்வால்ட் சார், இந்த ஏழு பி கொஞ்சம் பாருங்களேன்."

"உங்க பண்டில நீங்க திருத்துங்க மேடம். எனக்கு இன்னும் முப்பது கெடக்கு."

"ஒரு பக்கம்தான் சார். ப்ளீஸ்."

கேள்வி இதுதான். ஓய்வில் இருக்கும் ஒரு மின்னேற்றம் சீரான முடுக்கத்தோடு கொஞ்ச நேரம் ஓடுகிறது, பிறகு முடுக்கம் நின்று, அதே வேகத்தில் போகிறது. முடுக்கப்படும் மின்னேற்றம் அலைகளை வெளியே வீசும், அதோடு ஆற்றலும் போகும். ஆற்றல் சும்மா வராது. ஆகவே மின்னேற்றத்தைப் பின்னால் இழுக்கும் ஒரு விசை இருக்க வேண்டும். கதிர்வீச்சு எதிர்வினை விசை என்று அதற்குப் பெயர். ஓட்டத்தின்போது அந்த விசை எவ்வளவு, போகும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? எட்டு மார்க்.

ஸ்கீம் இரண்டே வரியில் முடித்திருந்தது. நொடிக்கு வெளியேறும் ஆற்றலை வேகத்தால் வகு, அதுதான் விசை, திசை எதிர்ப்புறம்.

இந்தத் தாளில் அந்த விடை இல்லை. கையெழுத்து வேறு கோழி கிளறியது போலிருந்தது. முதல் வரியே "ஓட்டத்தின் நடுவில் விசை பூஜ்யம்" என்றது. அதைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. இந்தக் கோழிக்கிறுக்கலை நான் செவ்வாய்க்கிழமை பார்த்திருக்கிறேன். முதல் திருத்தம் நான்தான். சூத்திரம் எழுதியதற்கு ஒரு மார்க் போட்டு, மீதியைக் குறுக்கே ஒரே கோடாக அடிக்காமல் விட்டதே என் பெருந்தன்மை. படிக்கவில்லை. ஸ்கீமில் இருந்த வரி தாளில் இல்லை, அவ்வளவுதான்.

அதை நான் அவரிடம் சொல்லவில்லை. இப்போதுதான் முதன்முறையாகப் படித்தேன்.

பிள்ளை எழுதியிருந்தது இப்படி. வேகத்தால் வகுத்தால், கிளம்பும் கணத்தில் வேகம் பூஜ்யம், விசை முடிவிலி. அப்படியானால் மின்னேற்றம் நகரவே நகராதே? ஆகவே கணத்துக்குக் கணம் சமன் செய்வது தப்பு. தொடக்கம் முதல் முடிவு வரை மொத்தமாகத்தான் சமன் செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் வரும் விசை முடுக்கத்தைப் பொறுத்ததல்ல, முடுக்கம் மாறும் வீதத்தைப் பொறுத்தது. முடுக்கம் மாறாத நடுப்பகுதியில் விசையே இல்லை. கிளம்பும்போது முடுக்கம் திடீரென்று வருகிறது, விசை உண்டு, ஆனால் வேகம் இல்லாததால் வேலை பூஜ்யம். நிற்கும்போது முடுக்கம் திடீரென்று போகிறது. அப்போது வேகம் முழுதாக இருக்கிறது. அந்த ஒரு கணத்தில் விசை பின்னால் இழுக்கிறது. அது பறிக்கும் ஆற்றல், வழியெல்லாம் வெளியே போன மொத்தத்துக்கும் சரியாகச் சமம். நடுவில் போனதெல்லாம் மின்னேற்றத்தை ஒட்டியிருக்கும் புலத்திலிருந்து எடுத்தது. கூட்டிக் காட்டியிருந்தது. ஒரு குறி கூடத் தப்பவில்லை.

"சரியாதான் இருக்கு," என்றேன்.

"சரிதானே சார்? ரெண்டு தடவ போட்டுப் பாத்துட்டேன்."

"அப்ப எட்டு போடுங்க. தேர்ட் வேல்யூவேஷன் போகும், அவங்க பாத்துக்கட்டும்."

"அவரும் இதே ஸ்கீம வெச்சுதான் திருத்துவார். ஒண்ணுதான் போடுவார்."

எனக்குக் கோபம் வந்தது. என் மேல் வர வேண்டிய கோபம், வசதியாக வேறு பக்கம் திரும்பியது. "எந்த மடையன் மேடம் இந்த ஸ்கீமப் போட்டான்? ஜீரோவால வகுக்கிறோம்னு கூடத் தெரியாதவன் எல்லாம் பேப்பர் செட்டரு! இவனையெல்லாம்..."

சொர்ணம் என் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் சார்."

நான் சிவப்புப் பேனாவை மேஜையில் வைத்தேன்.

"ஏழு ஏ வழக்கமான டெரிவேஷன். அலையற சார்ஜ். ஒரு சுத்து முழுக்க இன்டக்ரேட் பண்ணா எல்லைப்புற உறுப்பு, அதான் தொடக்கத்துலயும் முடிவுலயும் மிஞ்சற கணக்கு, ஜீரோ ஆயிடும். பதினாலு வருஷமா போர்டுல 'இது ஜீரோ, விட்டுடுங்க'ன்னு சொல்லி அடிச்சிட்டே வந்துருக்கேன் சார். அது என்னன்னு ஒரு நாள் கூட நின்னு பாக்கல. பி பார்ட்டுக்குப் புதுசா ஏதாவது வைக்கணுமேன்னு, பஸ்ஸுல நின்னுகிட்டே எழுதினேன். இந்தக் கேள்விக்கு மொத்த விடையும் நான் அடிச்சு விட்ட அந்த உறுப்புலதான் சார் இருக்கு."

எங்கள் தொழிலில் மட்டும் நடக்கக்கூடிய தப்பு அது. நானும் இருபது வருடம் அதே உறுப்பை அடித்தவன். நான் கேள்வித்தாள் போடாததால் மாட்டிக்கொள்ளவில்லை.

"சேர்மன் கிட்ட சொல்லணும்," என்றார்.

"மேடம், திங்கக்கெழம லிஸ்ட்டு. வேலில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்காதீங்க. நீங்கதான் செட்டர்னு ஒருத்தனுக்கும் தெரியாது. எட்டப் போட்டுட்டு கம்முனு இருங்க."

"எட்டு மார்க்ல அந்தப் புள்ளையோட ஃபர்ஸ்ட் கிளாஸ் போயிடும் சார். கூட்டிப் பாத்தேன்."

அதன் பிறகு ஒரு மணி நேரம் அவர் திருத்தியதாக எனக்குத் தெரியவில்லை. டீ வாங்க வெளியே போனார், டீ இல்லாமல் வந்தார். ஃபோனை எடுத்து மகளுக்கு ஏதோ சொன்னார், வைத்தார். பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். நான் தலையைக் குனிந்து முப்பதையும் முடித்துவிடலாம் என்று பார்த்தேன், ஐந்துகூட முடியவில்லை. நான்கு மணிக்கு அவர் நேராகச் சேர்மன் அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். துணைக்கு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை.

ராஜேஷ்குமார் விடைத்தாளைப் படித்தார். நல்ல இயற்பியல்காரர், உடனே புரிந்துவிட்டது. அதனால்தான் முகம் சுருங்கியது.

"ஏனு, என்ன மேடம் இது? பாதி பண்டில் முடிஞ்ச அப்றம் சொல்றீங்க."

"இப்பதான் சார் பாத்தேன். ஸ்கீம் தப்பு. மாத்தணும்."

"நானூத்துப் பன்னெண்டு ஸ்கிரிப்ட்டு இருக்கு. சும்னே இரி, சும்மா இருங்க. ஏழு பி அட்டெம்ட் பண்ணவங்களுக்கெல்லாம் எட்டுன்னு ஒரு சர்க்குலர் விட்டா ஆச்சு. எதுக்குன்னு எழுத வேணாம். உங்க பேரும் வராது."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. பிள்ளைக்கும் எட்டு, மேடத்துக்கும் வேலை, எனக்கும் நிம்மதி. இதைவிட என்ன வேண்டும்?

சொர்ணம் நாற்காலியில் உட்காரவில்லை. "கேள்வி நம்பர் மட்டும் எழுதி விட்டவனுக்கும் எட்டா சார்? இது யோசிச்சு எழுதியிருக்கு. நாங்க யாருமே யோசிக்காதத யோசிச்சிருக்கு. அதுவும் வெத்துத் தாளும் ஒண்ணுன்னா, நாம எதத் திருத்துறோம்?"

"ஸ்கீம் மாத்தணும்னா செட்டர் எழுத்துல கொடுக்கணும் மேடம். தப்பு என்னோடதுன்னு. அது யூனிவர்சிட்டிக்குப் போகும். அப்றம் லிஸ்ட்டுல உங்க பேர நான் எப்படிப் போட? என் கையில இருக்காது." அவர் மிரட்டவில்லை. வருத்தத்தோடுதான் சொன்னார்.

"ஒரு பேப்பர் குடுங்க சார்."

நின்றபடியே எழுதினார். கடிதம் நான்கு வரி. திருத்திய ஸ்கீம் ஒரு முழுப் பக்கம். எல்லைப்புற உறுப்பை எழுதியதற்கு இரண்டு, நடுவில் விசை பூஜ்யம் என்றதற்கு இரண்டு, கடைசிக் கணத்தின் வேலைக்கு மூன்று, மொத்தம் சமம் என்று காட்டியதற்கு ஒன்று. அன்று எனக்கு அவர் மேல் பொறாமையாக இருந்தது, இதை ஒளித்து என்ன ஆகப்போகிறது.

வெள்ளியும் சனியும் ஹால் முழுக்க அவரை வைதது. நானூற்றுப் பன்னிரண்டு தாளிலும் ஏழு பி-யை இரண்டு பேரும் மறுபடி திருத்த வேண்டும் அல்லவா. யார் செட்டர் என்பதும் டீக்கடை வரை தெரிந்துபோயிருந்தது. பழைய தாள்கள் பழைய மேஜைக்கே வந்தன. அந்தக் கோழிக்கிறுக்கல் என்னிடம் வந்தது. சீட்டில் ஒன்றை அடித்து எட்டு போட்டேன். மதிப்பெண் மாற்றினால் பக்கத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. "ஸ்கீம் பிழை" என்று எழுதினேன். அதுவும் பொய் இல்லைதான்.

திங்கட்கிழமை பட்டியல் வந்தது. இரண்டு முறை படித்தேன். பதினான்கு வருடமாக இருந்த பெயர் இல்லை. ஒன்பதாவதாக என் பெயர் இருந்தது.

சாயங்காலம் அவரே ஃபோன் செய்தார். பின்னால் பஸ் சத்தம். ஆனேக்கலில் ஒரு கோச்சிங் சென்டரில் கேட்டுவிட்டுத் திரும்புகிறாராம், நாளைக்குச் சொல்வதாகச் சொன்னார்களாம்.

"உங்க பேர் இருக்குல்ல சார்?"

"இருக்கு மேடம்."

"நல்லது சார்." "ஒண்ணு மட்டும் மனசுல ஓடிட்டே இருக்கு. அந்தப் புள்ளைக்கு மொதல்ல ஒரு மார்க் போட்டிருந்தாங்களாம், சேர்மன் சொன்னார். ஸ்கீம் தப்பு என்னோடது, சரி. ஆனா தாளக் கையில வெச்சிருந்த ஒருத்தர் அந்தப் பக்கத்தப் படிச்சிருப்பார்ல? படிச்சும் எப்படி சார் ஒண்ணு போட்டாங்க? யாரா இருக்கும்?"

"தெரியல மேடம்," என்றேன்.