ஸ்க்ரூ செய்த பொம்மைகள்

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் அவரை எல்லோரும் ஸ்க்ரூ என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் கைவிட்டால் இரண்டு ஸ்க்ரூவாவது வராமல் இருக்காது. துவைக்கும் மெஷின் கடகடவென்று சத்தம் போட்டால், அவருடைய பேன்ட் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் அரை மணி நேரமும் கொடுத்தால் உலகத்தில் எதையும் சரிபண்ணிவிடலாம் என்பது தன்னைப் பற்றி அவருக்கிருந்த அபிப்பிராயம். வீட்டு மிக்ஸியைப் பிரித்து மாட்டியபோது மூன்று உருப்படி மிச்சம் வந்ததும், கம்பெனிக்காரன் தேவையில்லாததையெல்லாம் வைத்திருக்கிறான் என்று அவர் சொன்னதும் அந்த அபிப்பிராயத்தைக் கொஞ்சமும் பாதிக்கவில்லை.

அவருடைய மகள் வாலுவுக்கு எட்டு வயது. வாய் ஓயாது. ஒரு கதையைச் சொன்னால் அதில் நாலு கதையைச் சேர்த்துத் திருப்பிச் சொல்வாள். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் ஊமையாகிவிடுவாள், இல்லாவிட்டால் வயிற்றுவலி வந்துவிடும். நேற்று படித்த சொல் இன்று புதிதாக வந்து நிற்கும். சோம்பேறித்தனம் என்று முதலில் அவரும் நினைத்தார், அதட்டியும் பார்த்தார். பிறகு பரிசோதனை செய்து பார்த்துவிட்டு, இது டிஸ்லெக்ஸியா என்றார் சிறப்புப் பயிற்சி டீச்சர். கண்ணில் கோளாறு இல்லை, புத்தியிலும் குறை இல்லை. எழுத்தையும் அதன் ஒலியையும் சேர்த்துப் பிடிக்க அவளுக்கு மற்றவர்களைவிட அதிக நேரமும் அதிகப் பழக்கமும் வேண்டும். தினமும் வீட்டில் கொஞ்ச நேரம், விளையாட்டு மாதிரி செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

டீச்சர் சொன்ன அத்தனையிலும் ஸ்க்ரூவின் காதில் விழுந்தது விளையாட்டு என்கிற ஒரே வார்த்தைதான். அப்பாடா, நம் துறைக்கு வந்துவிட்டது என்று அவருக்கு நிம்மதி. வீட்டுக்கு வரும் வழியிலேயே பிளைவுட் வாங்கிவிட்டார்.

முதலில் செய்தது ஒரு பெரிய பலகை. படத்துக்குக் கீழே நாலு சொல், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பட்டன். சரியான சொல்லை அமுக்கினால் பச்சை விளக்கு எரியும். தப்பாக அமுக்கினால் அலற வேண்டும் என்று, ஆள் அதிகமானால் லிஃப்டில் கத்துமே, அந்தப் பழைய பஸ்ஸரைக் கொண்டுவந்து மாட்டினார். பன்னிரண்டு பேர் ஏறிய பெட்டியில் கேட்பதற்காகச் செய்த பஸ்ஸர் அது. வாலு ஆசையாகத்தான் முதல் பட்டனை அமுக்கினாள். அடுத்த நொடி அவள் மேஜைக்கு அடியில் இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் தீ விபத்தா என்று கேட்டுக்கொண்டு வந்தார். வயரிங் எல்லாம் எவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறது என்று அவருக்கு விளக்கிக் காட்டிக்கொண்டிருந்த ஸ்க்ரூவுக்கு, மேஜைக்கு அடியில் குனிந்து பார்க்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

அதோடு விட்டாரா? காந்தம் கட்டிய தூண்டிலில் அட்டை மீன் பிடிக்கும் விளையாட்டு. மீனின் வயிற்றில் எழுத்து. சுற்றினால் சொல் வரும் சக்கரம். கூரையில் எழுத்து ஒட்டிய கார். உப்புத்தாளில் எழுத்தை வெட்டிச் சிறு சிறு கட்டைகளில் ஒட்டி, ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் போட்டு வைத்தார். விரலால் தடவிப் பார்த்தால் மனதில் பதியும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஒவ்வொன்றும் நல்ல பொம்மைதான். ஆனால் அவள் மீனைப் பிடித்ததும் இவர் பக்கத்தில் வந்து, இது என்ன எழுத்து, சொல்லு பார்க்கலாம் என்று நிற்பார். அத்தோடு அந்த மீன் செத்துவிடும்.

ஒருநாள் சாயங்காலம் அவளுக்கு வெறும் பந்து ஒன்று வாங்கிவந்தார். சிவப்புப் பந்து, வேறொன்றும் இல்லை. வாலு அதைக் கையில் வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்தாள். காற்றடிக்கும் துளையைக்கூட விடவில்லை.

"இதுல எங்கப்பா எழுத்த ஒளிச்சு வச்சிருக்க?" என்றாள்.

ஸ்க்ரூவுக்கு அப்போதுதான் புரிந்தது. படிக்கப் பயந்த குழந்தையை இப்போது பொம்மைக்கும் பயப்பட வைத்தாயிற்று. இன்னும் கொஞ்ச நாள் போனால், பொம்மை கொண்டுவரும் கையைக் கண்டாலே பயப்படுவாள். வேறு எந்தக் கோளாறையும் இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு பெரிதாக்கியதாக அவருக்கு நினைவில்லை.

அவர் மனைவி மருந்துக் கடையில் வேலை செய்கிறவர். டாக்டர்களின் கிறுக்கலையெல்லாம் படித்துப் பழகியவருக்குக் கணவரின் முகத்தைப் படிப்பதா கஷ்டம்? அந்தப் பலகையை எடுத்துக்கொண்டு போய் டீச்சரிடமே காட்டுங்கள் என்று அனுப்பிவைத்தார். டீச்சர் மிகுந்த ஆர்வத்தோடு ஒரு தப்பான பட்டனை அமுக்கினார். வெளியே காத்திருந்த பெற்றோர் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

டீச்சர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது. பிறகு அலமாரியிலிருந்து தன் விளையாட்டு ஒன்றை எடுத்து விரித்தார். கட்டம் போட்ட ஒரு தாள், பகடை, சில சொல் அட்டைகள், அவ்வளவுதான். ஒரு அட்டையைப் படித்தால் பகடை உருட்டலாம். திணறினால் இருவருமாகச் சேர்ந்து படித்துவிட்டு உருட்டலாம். ஜெயிப்பதும் தோற்பதும் பகடையின் வேலை. அட்டைகளிலும் முக்கால்வாசி வாலுவுக்குத் தெரிந்த சொற்கள், புதிது ஒன்றோ இரண்டோதான். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் எழுத்துகளை ஒரே நாளில் கொண்டுவருவதில்லை.

"படிப்பு டிக்கெட் மாதிரி சார். உள்ள போகத்தான் அது. மார்க் போடறதுக்கு இல்ல," என்றார் டீச்சர். "அவ அலுத்துப்போறதுக்கு முன்னாடியே நிறுத்திடணும். இப்போதைக்கு நீங்க எழுத்தையே எடுக்காதீங்க. காதால விளையாடுங்க. பொம்மையில ஒண்ணும் சொல்லித்தராதீங்க."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

பத்தியம் இருக்கச் சொன்னதுபோல ஸ்க்ரூ வீடு திரும்பினார்.

காதால் விளையாடுவது அவர் நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது. மாடிப்படியில் இறங்கும்போது ஒரு சொல்லைச் சொல்லி, துண்டு துண்டாக உடைத்து, ஒரு துண்டுக்கு ஒரு படி இறங்க வேண்டும். குரங்கு என்றால் கு, ரங், கு, மூன்று படி. கடலில் முதல் எழுத்தைத் தூக்கிவிட்டால் என்ன மிச்சம் என்று கேட்டால் டல் என்பாள். அதற்கே விழுந்து விழுந்து சிரிப்பாள். எழுத்தைப் பார்க்காதபோது ஒலியைப் பிரிக்க அவளுக்கும் வந்தது, மெதுவாக என்றாலும் வந்தது.

பொம்மைக்கு அவர் தேர்ந்தெடுத்தது தனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைத்தான். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியை வெட்டி ஐந்து மாடி எழுப்பினார். நடுவில் லிஃப்ட், மேலே கப்பி, கயிறு, எதிர் எடைக்குப் பொடி டப்பாவில் ஸ்க்ரூக்கள். வாலு பெட்டியைச் சுற்றி வந்தாள். தலைகீழாகப் படுத்துக் கூரையைப் பார்த்தாள். ஒவ்வொரு மாடியிலும் கைவிட்டுத் துழாவினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. நம்பாமல் அவரைப் பார்த்தாள். பிறகு போய்த் தன் பொம்மைகளை அள்ளிக்கொண்டு வந்தாள்.

அந்த வாரம் ஸ்க்ரூ பட்ட பாடு யாருக்கும் வரக்கூடாது. ஐந்து மாடி, ஐந்து கதவு, எல்லாம் வெற்றாகக் கிடக்கிறது. ஒரு கதவுக்கு ஒரு எழுத்து ஒட்டினால் என்ன குறைந்துவிடும் என்று கை அரிக்கும். ஒருநாள் நாலு எழுத்தை அட்டையில் எழுதிப் பையில்கூடப் போட்டுக்கொண்டார். அதை மனைவி மெஷினில் துவைத்துவிட்டார், நல்லவேளை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரடி பொம்மை மேல் மாடிக்குப் போய்க்கொண்டிருந்தபோது கயிறு அவிழ்ந்தது. லிஃப்ட் தடாலென்று கீழே விழுந்தது. பொடி டப்பா உடைந்து ஸ்க்ரூக்கள் அறை முழுக்கச் சிதறின. முடிச்சுப் போட்டவர் இருபது வருட அனுபவமுள்ள மெக்கானிக். கரடியைத் தூக்கித் தூசு தட்டியபடியே வாலு சிரித்தாள், அப்பா மாட்டிக்கொண்டதைப் பார்த்த சந்தோஷச் சிரிப்பு. ஸ்க்ரூ உடனே கயிற்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அப்பா, மொதல்ல போர்டு மாட்டணும்ல?"

உண்மைதான். கம்பெனியில் கருவிப் பையைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய முதல் வேலை அது. லிஃப்ட் ஓடாது என்று எழுதிய மஞ்சள் பலகை அவர் பையிலேயே எப்போதும் இருக்கும். அதை எடுக்கப் போனவரை அவள் தடுத்தாள். அது பெரியவர்கள் லிஃப்டுக்காம், கரடி லிஃப்டுக்குச் சின்னது வேண்டுமாம். சொல்லிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் படுத்து, பிஸ்கட் டப்பாவை இழுத்துக்கொண்டு வந்தாள்.

அவள் கட்டைகளைத் தரையில் கொட்டினாள். ஓ என்று நீட்டிச் சொல்லிக்கொண்டே தேடினாள். ஒரு கட்டையை எடுத்து விரலால் தடவினாள், வேண்டாமென்று போட்டாள், இன்னொன்றை எடுத்தாள். டா வெகுநேரம் அகப்படவில்லை. அது அவர் முழங்காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அதைச் சுட்டிக்காட்ட அவர் விரல் தானாக எழுந்தது. ஸ்க்ரூ இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தார். வாழ்க்கையில் அவர் செய்த மிகக் கடினமான வேலை அதுதான். அதற்கு எந்தக் கருவியும் கிடையாது.

கடைசியில் அவளே கண்டுபிடித்தாள். மூன்று கட்டைகளையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகத் தடவி, ஓ, டா, து என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு சேர்த்துச் சொன்னாள். அவர் அந்தக் கட்டைகளை டேப் போட்டு அட்டையில் ஒட்டி, ஒரு கயிறும் கட்டிக் கொடுத்தார். வாலு அதை லிஃப்டில் மாட்டப் போனாள். போனவள் நின்று, சிதறிக் கிடந்த ஸ்க்ரூக்களையும் முடிச்சுப் போட்டவரையும் மாறி மாறிப் பார்த்தாள். திரும்பி வந்து அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

வேலை முடிந்து மனைவி உள்ளே நுழைந்தபோது, ஸ்க்ரூ அதை மாட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். மனைவி போர்டைப் படித்துவிட்டு, இது எனக்குக் கல்யாணமான அன்னைக்கே தெரியும் என்றார். பிறகுதான் அது யாருடைய கைவேலை என்பது உறைத்தது. தோளிலிருந்த பையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, நான் படிக்கிறேன் கேளு," என்று வாலு அப்பாவின் நெஞ்சில் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டினாள்.

போதும், இங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்று ஸ்க்ரூவுக்கு டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. சத்தம் போடாமல் கட்டைகளை டப்பாவுக்குள் பொறுக்கிப் போட ஆரம்பித்தார்.

"எடுத்து வைக்காதப்பா," என்றாள் வாலு. "கரடி வீட்டுக் கதவுல பேரு போடணும்."