மேலே போகும்போது பரவாயில்லை

இருபத்தாறு மாடிக் கட்டடம். அதில் நடு லிஃப்டில் ஒரு மடக்கு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பட்டனை அழுத்துவதுதான் அவளுடைய வேலை. பதினோரு வருஷமாகச் செய்கிறாள். கட்டடத்தில் யாருக்கும் அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது. எல்லோருக்கும் சீச்சீ அக்கா.

பெயர் வைத்தவர்கள் மீது தப்பில்லை. ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்துவிடும். எட்டாவது மாடிக்காரர் கைக்குட்டையை விரித்துத் தான் சிந்தியதைத் தானே பார்ப்பார். சீ. கூரியர் பையன்களின் அக்குள். சீ. மென்று முடித்த சூயிங்கத்தைப் பட்டன் பலகைக்குக் கீழே ஒட்டிவிட்டுப் போகும் ஒரு மகராசன் இருந்தான். அவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. பழைய பிளேடால் அதைச் சுரண்டி எடுக்கும்போது அவளுக்குக் குடலே வாய்க்கு வந்துவிடும். பையில் எப்போதும் ஒரு சோப்புத் துண்டு வைத்திருப்பாள். சாப்பாட்டு நேரத்தில் அரைமணி என்றால், அதில் பத்து நிமிஷம் கை கழுவுவதற்கே போய்விடும்.

அந்த மழை மாதத்தில் கட்டடமே தும்மிக்கொண்டிருந்தது. ஆறடிக்கு ஆறடி பெட்டிக்குள் பன்னிரண்டு பேர் நின்று தும்மினால் நடுவில் உட்கார்ந்திருப்பவள் எங்கே போவாள்? துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டும் பயனில்லை. நாலாம் நாள் அவளுக்கும் சளி பிடித்தது. அடுத்தவன் சளி தன் மூக்கிலிருந்து ஒழுகுவதாகவே அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பிலேயே ரெண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு வாரத்தில் காய்ச்சலும் தொண்டைவலியும் போயின. ஆனால் இடது காது அடைத்துக்கொண்டது. பஞ்சை வைத்து அமுக்கின மாதிரி. தன் குரலே பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் அவளுக்குக் கேட்டது. எச்சில் விழுங்கினால் காதுக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். அடைப்பு ஒரு நொடி திறக்கும், உடனே மூடிக்கொள்ளும். லிஃப்ட் மேலே போகும்போது பரவாயில்லை. இறங்கும்போதுதான் பாடு. இருபதாவது மாடியைத் தாண்டியதுமே காதை யாரோ உள்ளேயிருந்து உறிஞ்சி இழுப்பதுபோல் இருக்கும். தரைத்தளம் வருவதற்குள் பல்லைக் கடித்துக்கொள்வாள். ஒரு நாளைக்கு எண்பது தடவை ஏறி இறங்குகிறவள்.

வீட்டில் வைத்தியத்துக்குக் குறைவில்லை. அவள் புருஷன் ஸ்கூட்டர் சாவியால் காது குடைகிறவர். குடைந்து எடுத்ததை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு லுங்கியில் துடைப்பவர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அவரை மன்னிக்காத விஷயங்களில் அதுதான் முதலாவது.

“காது அழுக்குதான் அடைச்சிருக்கும். இங்க வா, ஒரே நிமிஷம்,” என்று அந்தச் சாவியோடு பக்கத்தில் வந்தார்.

“அத கிட்ட கொண்டு வந்தீங்கன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்!”

நாத்தனார் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் கரண்டியோடு கொண்டுவந்தாள். காதில் ஊற்றினாள். கழுத்து வழியாக வழிந்து தலையணை முழுக்கப் பூண்டு வாடை. அடைப்பு அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேறொன்று சொன்னார்: “மூக்கப் பிடிச்சுக்கிட்டு, வாய மூடி, பலம் கொண்ட மட்டும் ஊதுங்க. திறந்துக்கும்.” அவள் சளி நிறைந்த மூக்கைப் பிடித்துக்கொண்டு முழு பலத்தோடு ஊதினாள். காதுக்குள் ஊசி ஏறியது. கையைப் பார்த்தால் விரலிடுக்கில் சளி. சோப்பு போட்டு நாலு தடவை கழுவிவிட்டுக் குளியலறையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

இப்படியே மூன்று வாரம் போனது. சளி நின்றுவிட்டாலும் தும்மல் நிற்கவில்லை. காலையில் லிஃப்டில் ஏறி ஸ்டூலை விரித்ததும் எட்டுப் பத்துத் தும்மல் வரும், மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகும், கண் அரிக்கும்.

அப்படி ஒரு நாள், ஒரு பெரியவர் பதினேழாவது மாடியில் பல் டாக்டரைப் பார்த்துவிட்டு மகளோடு லிஃப்டுக்கு வந்தார். மகள் இடது பக்கமிருந்து, “இருங்க, அப்பா இன்னும் ஏறல!” என்று கத்தியிருக்கிறாள். சீச்சீ அக்காவின் காதில் அது ஏதோ முனகலாக விழுந்தது. கதவை மூடும் பட்டனை அழுத்தினாள். பெரியவரின் ஊன்றுகோல் கதவிடுக்கில் மாட்டி, அவர் தடுமாறி மகள் மேல் சாய்ந்தார். கதவு தானாகத் திறந்துகொண்டது. அடி எதுவும் படவில்லை. ஆனால் அந்தப் பெண் தரைத்தளம் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். அது மட்டும் நன்றாகக் கேட்டது.

சாயங்காலம் கட்டட சூப்பர்வைசர் கூப்பிட்டார்.

“அக்கா, நீங்க நல்லா வேலை செய்றவங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா காது கேக்காதவங்கள லிஃப்ட்ல வெச்சா நாளைக்கு என் கழுத்துக்குத்தான் வரும். காது டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் மாடிப்படி கூட்டுங்க.”

மாடிப்படி! லிஃப்டுக்காகக் காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் இறங்கும் வழி. ஒவ்வொரு திருப்பத்திலும் மூலையில் துப்பி வைத்திருப்பார்கள். காய்ந்தது, காயாதது, நிறம் நிறமாக. முதல் நாள் ஒன்பதாவது மாடித் திருப்பம் வரை கூட்டிவிட்டு, விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு அங்கேயே வாந்தி எடுத்தாள். பிறகு அதையும் அவளே கழுவினாள்.

நாலு நாள் கழித்து, ஒரு காலையில் அரசு ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இருமுகிறவர்கள், காது ஒழுகுகிறவர்கள், மூக்கைக் குடைகிற குழந்தைகள். மூச்சைப் பிடித்துக்கொண்டே இரண்டு மணி நேரம் கடத்தினாள்.

டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். நரம்பில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைத்தார். பிறகு காதில் ரப்பர் முனையைச் செருகி, காற்றழுத்தம் பார்க்கும் மெஷினை ஓட்டினார். காகிதத்தில் ஒரு கோடு வந்தது.

“காதுல அழுக்கு இல்ல. நரம்பும் நல்லா இருக்கு. எண்ணெய் ஊத்தினது யாரு?”

“நாத்தனார்.”

“இனிமே ஊத்த வேண்டாம்னு சொல்லுங்க. கோளாறு காதுல இல்லம்மா, மூக்குக்குப் பின்னாடி இருக்கு.” டாக்டரம்மா ஒரு காகிதத்தில் வரைந்தார். “இது செவிப்பறை. இதுக்குப் பின்னாடி காத்து நிக்கற ஒரு சின்ன அறை. அந்த அறையிலிருந்து மூக்கோட பின்பக்கம் வரைக்கும் ஒரு மெல்லிசான குழாய் வருது. சாதாரணமா மூடியே இருக்கும். நீங்க விழுங்கும்போது, கொட்டாவி விடும்போது ஒரு கணம் திறந்து உள்ள வெளிய அழுத்தத்தச் சமமாக்கும். சளி பிடிச்சா அந்தக் குழாயோட வாய் வீங்கிக்கும். புதுக் காத்து உள்ள போகாது. உள்ள இருக்கறதும் குறைஞ்சுக்கிட்டே வரும். அதனால செவிப்பறை உள்பக்கமா இழுபடுது. அதுதான் அடைப்பு. ‘டப்’புங்கறது குழாய் கொஞ்சம் திறக்கற சத்தம்.”

அவள் முகம் கோணியது. “காதும் மூக்கும் உள்ளுக்குள்ள ஒண்ணா? அந்தச் சளி வழியிலயா நான் கேக்கறேன்?”

“எல்லாருக்கும் அப்படித்தான்மா.”

“சீ!”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். இறங்கும்போது மட்டும் ஏன் வலிக்கிறது என்று கேட்டதற்கும் பதில் இருந்தது. மேலே போகையில் உள்ளே இருக்கும் காற்று தானாகக் கசிந்து வெளியே வந்துவிடும்; இறங்கையில் வெளிக்காற்று உள்ளே போக வேண்டும், அதற்குக் குழாய் திறந்தே ஆக வேண்டும்.

“சளி போயும் தும்மல் நிக்கல, கண் அரிக்குதுன்னா அது அலர்ஜி. தூசி, பூஞ்சை, கரப்பான் எச்சம், இப்படி ஏதாவது. அது வீக்கத்த வடிய விடமாட்டேங்குது. மூக்குல அடிக்க ஒரு ஸ்ப்ரே தரேன். இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை. நடுத்தண்டுல அடிக்காம, வெளிப்பக்கமா காதப் பாத்து அடிங்க. இன்னிக்கே சரியாகாது; ரெண்டு மூணு வாரம் விடாம அடிக்கணும். அலர்ஜிக்கு ஒரு மாத்திரை. அப்புறம், கொதிக்க வெச்சு ஆறின தண்ணியில உப்பு கலந்து தினமும் மூக்கக் கழுவணும். ஒரு மூக்குல விட்டா இன்னொண்ணு வழியா வரும்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“லிஃப்ட் இறங்கும்போது அடிக்கடி விழுங்குங்க. சூயிங்கம் மெல்லலாம். மூக்கு சுத்தமா இருக்கும்போது, மூக்கப் பிடிச்சுக்கிட்டு மெதுவா, ரொம்ப மெதுவா ஊதலாம். சளியோட முழு பலத்துல ஊதினா அது காதுக்குள்ள போயிடும். வலி அதிகமானா, சீழ் வந்தா, திடீர்னு சுத்தமா கேக்காமப் போனா அன்னிக்கே வந்துடணும்.”

சூயிங்கம்! உலகத்தில் எத்தனையோ பண்டம் இருக்க, அதுவா?

மூக்கு கழுவுவதற்கு முதல் நாள் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். ஒரு மூக்கில் விட்ட உப்புத் தண்ணீர் இன்னொரு மூக்கு வழியாக, கயிறு கயிறாகச் சளியோடு வந்து தொட்டியில் விழுந்தது. ஓங்கரித்தாள். இத்தனையையும் உள்ளே வைத்துக்கொண்டா மற்றவர்களைப் பார்த்து முகம் சுளித்தேன் என்று அவளுக்குப் பட்டது. மற்றவர்கள் மீதிருந்த அருவருப்பு குறையவில்லை. தன்னையும் அதில் சேர்த்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததில், நரம்புக் கோளாறு இல்லை, சில வாரங்களில் சரியாகும் என்றிருந்தது. சூப்பர்வைசர் படித்துவிட்டு அவளை லிஃப்டுக்கே அனுப்பினார், வலது காது வாசல் பக்கம் இருக்கும்படி ஸ்டூலைத் திருப்பிப் போடச் சொல்லி. மறுபடி உட்கார்ந்த அன்றே பத்துத் தும்மல்.

மாடிப்படியில் இருந்த நாட்களில் இவ்வளவு தும்மல் இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. தலைக்கு மேலே பார்த்தாள். காற்றாடியின் கம்பி வலை.

மாதாந்தர வேலைக்கு வந்த லிஃப்ட் மெக்கானிக்கிடம், “தம்பி, அத ஒரு தடவ கழட்டுங்க,” என்றாள்.

“அத யாரும் கழட்டினதே இல்லக்கா.”

“அதான் கழட்டச் சொல்றேன்.”

நாலு திருகாணியும் கழன்றதும் வலையோடு சேர்ந்து ஒன்று தொப்பென்று விழுந்தது. சாம்பல் நிறத்தில், கம்பளி மாதிரி கெட்டியாக. தூசியும் தலைமுடியும் ஒட்டி உறைந்த பாய். அதற்குள் செத்த கரப்பான்கள், காலும் இறக்கையுமாக. பதினோரு வருஷம் இதன் வழியாக வந்த காற்றுக்கு அடியில் உட்கார்ந்துதான் அவள் சோப்புத் தேய்த்துக் கை கழுவியிருக்கிறாள். சீ என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. வெளியே ஓடினாள்.

அதை அவள் தூக்கிப் போட விடவில்லை. பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுபோய்ச் சூப்பர்வைசரின் மேஜையில், டீக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“என்னக்கா இது?”

“நீங்களும்தான் தினமும் லிஃப்ட்ல வர்றீங்க சார். நல்லாப் பாருங்க.”

அவர் பார்த்தார். டீயைக் குடிக்கவில்லை. அன்று சாயங்காலமே மூன்று லிஃப்டின் காற்றாடிகளும் கழுவப்பட்டன. மாதம் ஒரு தடவை கழுவ உத்தரவும் போட்டார். வீட்டில் அவள் தலையணை உறைகளைக் கொதிநீரில் போட்டாள். பூண்டெண்ணெய் ஊறிய தலையணையைக் குப்பைக்கு அனுப்பினாள்.

ஸ்ப்ரே அடிக்கத் தொடங்கிய மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, லிஃப்ட் இருபத்தாறிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அவள் வேண்டாவெறுப்பாகச் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தாள். பதினான்கைத் தாண்டும்போது இடது காதுக்குள் ‘டப்’ என்றது. எப்போதும்போல் மூடிக்கொள்ளும் என்று காத்திருந்தாள். மூடவில்லை. உள்ளே காற்று குளிர்ச்சியாகப் பரவியது. சுற்றிலும் இருந்த சத்தமெல்லாம் அப்படியே உள்ளே வந்து கொட்டியது: யாரோ மூக்கை உறிஞ்சுவது, யாரோ பல்லிடுக்கைச் சப்புவது, எட்டாவது மாடிக்காரர் தொண்டையைக் காறுவது.

தரைத்தளம் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அவள் மென்றதைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, அடுத்த கூட்டத்துக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.