ஆடி முடியட்டும்

திண்டுக்கல் நூற்பாலை ஒன்றில் தரப் பரிசோதனை வேலைக்கான கடைசி இன்டர்வியூ நன்றாகவே நடந்தது. முதலாளியே என்னை அழைத்துப்போய் மில்லைச் சுற்றிக் காட்டினார். "ஆடி முடியட்டும், பாத்துக்கிருவோம்" என்றார். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி போயின. ஒரு போன் இல்லை. நானாகக் கேட்பது கௌரவக் குறைச்சல் என்று இருந்துவிட்டேன். கார்த்திகைக் கடைசியில் பொறுக்கமுடியாமல் எச்.ஆர். மேடத்தை அழைத்து, அந்த வேலை இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கே சார். ரிட்டயர் ஆனவரையே வச்சு ஓட்டிக்கிட்டிருக்கோம். ஆடி முடிஞ்சதும் நீங்க வருவீங்கன்னு மொதலாளி பாத்தாரு. வேற எடம் அமைஞ்சிருச்சு போலன்னு நெனச்சுக்கிட்டோம்."

எரிச்சலை அடக்கிக்கொண்டு, "நாளைக்கே வாரேன்" என்றேன்.

"நாளைக்கு மார்கழி பொறக்குதே சார். தை பொறக்கட்டும்."

"தை பொறந்தா யாரு யாரைக் கூப்பிடணும்? அதை இப்பவே சொல்லிருங்க" என்றேன்.