அளந்து பார்த்தது: லிட்டரம்மா

பைகள் விற்கும் அந்தக் கிடங்கில் அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவள் லிட்டரம்மா. ஆன்லைனில் விற்கும் ஒவ்வொரு பையின் படத்துக்கும் கீழே எத்தனை லிட்டர், எந்த லேப்டாப் நுழையும், என்ன துணி, எப்படிப்பட்ட ஜிப், எத்தனை மாத வாரண்டி என்று எழுதுவது அவள் வேலை. பதினாறு வருஷமாக அதைத்தான் செய்தாள்.

எழுதுவதற்கு முன் அளப்பாள். அவள் மேசைக்கடியில் ஒரு கோணி நிறைய கோலிக்குண்டு அளவு பிளாஸ்டிக் உருண்டைகள் இருக்கும். பையின் ஒவ்வொரு அறையிலும் அவற்றைக் கொட்டி, ஜிப்பை மூடி, திரும்ப லிட்டர் குவளையில் கொட்டி எண்ணிக் கூட்டுவாள். லேப்டாப்புக்கு, பதினாலு, பதினஞ்சரை, பதினேழு இன்ச் மாடல்களின் உடம்பளவுக்கே அறுத்த பலகைகள் மூன்று வைத்திருந்தாள். பலகை நுழைந்தால் எழுதுவாள், நுழையாவிட்டால் மாட்டாள். கடைசியில் ஒரு வரி போடுவாள்: "அளந்து பார்த்தது: லிட்டரம்மா." வாங்குகிறவர்கள் அந்த வரியை நம்பித்தான் வாங்கினார்கள். சிலர் விமர்சனத்தில் அவளுக்கு நன்றி சொல்லியே எழுதினார்கள்.

இதனால் அவளைத் தேவதை என்று நினைத்துவிட வேண்டாம். வாரண்டி விதிகளையும் அவள்தான் எழுதினாள். மொத்தம் பதினொன்று. ஒரு கொசு நுழைய இடமிருக்காது. ஒரு முறை ஒரு பெண் ஃபோனில் அழுதாள். மகனை விடுதியில் சேர்க்கப் போகும் வழியில் ஜிப் பிளந்து துணியெல்லாம் பஸ் படியில் கொட்டிவிட்டதாம்.

"பில்லு இருக்காம்மா?" என்று கேட்டாள் லிட்டரம்மா.

"எங்க அண்ணன் வாங்கிக் குடுத்தாருங்க. அவரு போன மாசம் தவறிட்டாரு."

"பரிசா வந்த பைக்கு வாரண்டி கிடையாதும்மா. ஏழாவது விதி. நல்லாப் படிச்சுப் பாருங்க."

ஃபோனை வைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டாள். எழுதியது எழுதியதுதான் என்பது அவள் கட்சி.

முதலாளிக்கு வயசாகி, அவருடைய மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தான். வந்த முதல் நாள் அவள் "வாங்க தம்பி" என்றாள். "சார்னு கூப்பிடுங்க" என்றான். அடுத்த மாதமே முந்நூறு முதுகுப்பைகளை இறக்கினான். தயாரித்தவன் அனுப்பிய தாளில் எல்லாமே பிரமாதமாக இருந்தது: நாற்பத்தைந்து லிட்டர், பதினஞ்சரை இன்ச் லேப்டாப், தடித்த நைலான், எட்டாம் நம்பர் ஜிப், ஒரு வருஷ வாரண்டி.

லிட்டரம்மா கோணியை இழுத்தாள். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது. முப்பத்தொன்று. மறுபடியும் அளந்தாள், மறுபடியும் முப்பத்தொன்று. பதினஞ்சரைப் பலகை லேப்டாப் அறையின் வாயிலேயே நின்றுவிட்டது. ஓரத்து நூலைப் பிடுங்கிக் கொளுத்தினாள். கரும்புகை வந்து, நுனி கறுத்த மணியாக இறுகியது. நைலான் இல்லை, சாதா பாலியெஸ்டர். மூடிய ஜிப்பின் பல்வரிசை அகலம் எட்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டும், ஐந்துதான் இருந்தது. மூடிய வாயை இரண்டு கையாலும் பக்கவாட்டில் இழுத்தாள். நடுவில் பிளந்துகொண்டது.

மாப்பிள்ளையிடம் போய்ச் சொன்னாள். அவன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"நீளம், அகலம், உயரம், மூணையும் பெருக்கிப் பாருங்க. நாப்பத்தஞ்சு வருது."

"அது பெட்டிக்கு சார். பை மேல போகப் போகக் குறுகுதில்ல?"

"லேப்டாப்?"

"தயாரிச்சவன் அறையை மூலைக்கு மூலை டேப் வச்சு அளந்திருக்கான். நாப்பது சென்டி வருது. லேப்டாப் குறுக்கால படுத்துக்கிட்டா போகும்?"

அவன் இப்போது நிமிர்ந்தான். "அக்கா, தாள்ல இருக்கிறத எழுதுங்க. உங்க வரியையும் போடுங்க. அந்த வரி இல்லாம இது போகாது. சாயங்காலத்துக்குள்ள போடலன்னா நாளைக்கு வர வேண்டாம்."

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயசு. வீட்டில் கணவர் இடுப்பு உடைந்து படுத்த படுக்கை. பை அளக்கத் தெரியும் என்று சொன்னால் வேறு எவன் வேலை கொடுப்பான்? பெரிய முதலாளிக்கு ஃபோன் போட்டாள். "அவர் சொல்றபடி செய்யும்மா, என்னை இழுக்காத" என்று வைத்துவிட்டார்.

மாலை வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு நாற்பத்தைந்து என்று அடித்தாள். கடைசி வரியையும் அடித்துவிட்டாள். வேலை பிழைத்தது என்று நினைத்தாள், பாவம்.

முந்நூறும் பத்து நாளில் பறந்தன. அடுத்த பதினைந்து நாளில் திரும்பி வர ஆரம்பித்தன. லேப்டாப் நுழையவில்லை, ஜிப் பிளந்தது என்று. முதலில் புகார் சொன்னவர்களை அவளே பதினோரு விதிகளைக் காட்டி விரட்டினாள். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் விரட்டினாள். "லிட்டரம்மா, உங்களை நம்பித்தானே வாங்கினேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை அழித்துவிட்டு அடுத்ததைத் திறந்தாள். கடைசியில் ஆன்லைன் விற்பனைத் தளமே கிடங்கின் விற்பனையை நிறுத்தி வைத்து விளக்கம் கேட்டது.

மறுநாள் மாப்பிள்ளை கூப்பிட்டான். பெரிய முதலாளியும் வந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மேசைமேல் பதில் கடிதம் தயாராக இருந்தது: அளவு எடுத்த ஊழியரின் கவனக்குறைவால் தவறு நேர்ந்தது, அவரைப் பணியிலிருந்து நீக்கிவிட்டோம்.

"சார், நான் முப்பத்தொண்ணுன்னு சொன்னேனே!"

"எங்க எழுதியிருக்கீங்க?" என்றான் அவன். "எழுதினது நாப்பத்தஞ்சு. அளந்து பார்த்தது யாரு? உங்க பேருதானே கீழ இருக்கு?"

அவள் பெரிய முதலாளியைப் பார்த்தாள். "ஐயா, நீங்களாவது சொல்லுங்க."

"பதினாறு வருஷமா நல்லாத்தான் அளந்த. கடைசியில இப்படிப் பண்ணிட்டியேம்மா" என்றார் அவர். எல்லாம் தெரிந்த மனுஷன், வாய் கூசாமல் சொன்னார். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அவரை அறைய வேண்டும்போல இருந்தது.

மேசையைக் காலி செய்தாள். லிட்டர் குவளை, மூன்று பலகைகள், ஒரு ஜோடி செருப்பு, கணவருக்கு வாங்கி வைத்திருந்த இடுப்புப் பட்டை, சாப்பாட்டு டப்பா, போர்வை. கையில் எப்படிக் கொண்டு போவது? திரும்பி வந்த குவியலிலிருந்து ஒரு பையை எடுத்து மாப்பிள்ளை நீட்டினான். "சும்மா வச்சுக்குங்க அக்கா. என் பரிசு." வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல ஆசைதான். சாமான் இருந்தது. வாங்கிக்கொண்டாள்.

குவளை உள்ளே போனது. செருப்பு, பட்டை, டப்பா, போர்வை போயின. பதினஞ்சரைப் பலகையை லேப்டாப் அறையில் வைக்க அவள் முயலவே இல்லை, மூன்று பலகைகளையும் நேரே போர்வையோடு சேர்த்துத் திணித்தாள். ஜிப் கஷ்டப்பட்டு மூடியது.

படிக்கட்டில் பாதி இறங்கியபோது முதுகுக்குப் பின்னால் சத்தம் கேட்டது. மூடிய ஜிப் நடுவில் பிளந்து, குவளை முதலில் விழுந்து, உடைந்து, படிப்படியாக உருண்டது. போர்வையும் இடுப்புப் பட்டையும் அதன் பின்னாலேயே போயின. அவள் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். யாரும் இறங்கி வரவில்லை.

மேலே கைப்பிடியில் சாய்ந்து நின்ற மாப்பிள்ளை சிரித்தபடி கேட்டான்: "என்னக்கா, ஜிப் போயிடுச்சா? வாரண்டி இருக்கே. பில்லு இருக்கா?"

அவன் கேட்டு முடிப்பதற்குள் அவளுக்கு விதி ஞாபகம் வந்துவிட்டது. பரிசா வந்த பை. ஏழாவது. அவள் எழுதியதுதான். அதில் ஒரு ஓட்டை இருக்கிறதா என்று, உடைந்த குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் தடவையாகத் தேடிப் பார்த்தாள். இல்லை. நன்றாகத்தான் எழுதியிருந்தாள்.