உங்கள் பிள்ளையை எங்களிடம் ஒப்படையுங்கள்

எங்கள் கல்வி நிலையம் ஒரு தகரக் கொட்டகை. கிளிநொச்சி நகரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருக்கிறது. கணிதம் படிப்பிப்பது நான். பிள்ளைகளைச் சேர்ப்பது, வரவு பதிவது, வராத பிள்ளையின் வீட்டுக்குப் போன் எடுப்பது, என்னை ஏசுவது எல்லாம் மனைவி. இந்த ஏற்பாட்டில் பதினான்கு வருடம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு பிரதான வீதியில் கண்ணாடிக் கதவு வைத்த கல்வி நிலையம் ஒன்று வந்தது. உள்ளே ஏசி. ஆசிரியர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து காரில் வந்து இறங்கினார்கள். வாசலில் அவர்களுடைய முகங்கள் என்னுடைய மோட்டார் சைக்கிளை விடப் பெரிதாகத் தொங்கின.

நான் பயப்படுகிற ஆள் இல்லை என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் எப்படி வந்ததென்று எனக்கே தெரியாது. ஒருநாள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உளவு பார்க்கப் போனேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண்பிள்ளை மரியாதையாக, எந்த வகுப்புக்குச் சேர்க்க வந்திருக்கிறீர்கள் என்று கேட்டது. பதற்றத்தில் எனக்கு இல்லாத ஒரு மகனைப் பதினோராம் தரத்தில் சேர்த்துவிட்டு, போன் நம்பரையும் கொடுத்துவிட்டு வந்தேன். நம்பரையாவது பொய்யாகக் கொடுத்திருக்கலாம். இரண்டு நாள் கழித்து, மகன் ஏன் இன்னும் வரவில்லை என்று அவர்கள் போன் எடுத்தபோது மனைவி பக்கத்தில் நின்றாள். அவனுக்குக் காய்ச்சல் என்றேன். போனை வைத்ததும் அவள் கேட்டாள்:

“பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டு தாய்க்கு ஒருத்தரும் சொல்லேல்லையே.”

எங்களுக்கு இரண்டும் பெண்கள். இரண்டு பேரும் கலியாணம் முடித்துப் போய்விட்டார்கள்.

அன்றைக்குத்தான், புது வருட வகுப்புக்கு நாங்களும் ஒரு நோட்டீஸ் அடிப்பதென்று முடிவானது. நான் எழுதிய முதல் வரைவில் கண்ணாடிக் கதவைப் பற்றி மூன்று நக்கல் இருந்தது. மனைவி மூன்றையும் வெட்டினாள். “உங்கட பயத்தை எழுதாதேங்கோ. தாய் தேப்பன்ர பயத்தை எழுதுங்கோ” என்றாள். வாசலில் நின்று பெற்றோரோடு கதைக்கிறவள் அவள்தான். யார் என்ன கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவள் சொல்லச் சொல்லக் கேள்வியும் பதிலுமாக எழுதினோம்.

ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? முப்பதுக்கு மேல் இல்லை. கணக்கில் சரியான பலவீனமான பிள்ளையையும் எடுப்பீர்களா? எடுப்போம், சனிக்கிழமை தனியாகச் சொல்லிக் கொடுப்போம். பிள்ளை வகுப்புக்கென்று வெளிக்கிட்டு வேறெங்கும் போனால்? மணி அடித்துக் கால் மணித்தியாலத்துக்குள் உங்களுக்குப் போன் வரும். ஞாயிறு காலையில் கோயில் அறநெறி வகுப்புக்குப் போகவேண்டுமே? அந்த நேரம் நாங்கள் வகுப்பு வைப்பதில்லை. பொம்பிளைப் பிள்ளைகள் இருட்டுக்குள் வரவேண்டி வருமா? கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸோடு வகுப்பு முடிந்துவிடும். பிடிக்காவிட்டால்? முதல் இரண்டு கிழமையும் கட்டணம் இல்லை.

இதை எழுதி முடித்தபோது, எனக்கே என்னுடைய கொட்டகையில் சேர்ந்து படிக்கவேண்டும் போல இருந்தது.

அச்சகத்தில் கீழே கொஞ்சம் இடம் மிஞ்சிவிட்டது. அச்சகக்காரர் வெறும் இடத்தைக் கண்டால் பொறுக்காத மனிதர். இந்த மாதிரி நோட்டீஸுக்குக் கடைசியில் ஒரு வசனம் வேண்டும், கம்பியூட்டரில் ஆயத்தமாக இருக்கிறது என்று சொல்லி, பெரிய எழுத்தில் போட்டுக் காட்டினார். ‘உங்கள் பிள்ளையை எங்களிடம் ஒப்படையுங்கள். பொறுப்பு எங்களுடையது.’ எனக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. அச்சடித்து வந்த கட்டை மனைவியும் நானும் நிலத்தில் இருந்து மடித்தோம். அவளும் வாசித்தாள். வன்னியில் பிறந்து, போருக்குள் எல்லோரும் போன வழியெல்லாம் போய், எல்லோரும் வந்த வழியால் திரும்பி வந்த இரண்டு பேர். இரண்டு பேருக்கும் ஒன்றும் குத்தவில்லை.

பேப்பருக்குள் வைத்துக் கொடுக்கக் கடைக்காரரிடம் கொஞ்சம் கொடுத்தேன். பேப்பர் போகாத ஊர்களுக்கு நானே போனேன். கண்டாவளைப் பக்கம் அறுவடைக்கு ஆயத்தமான நேரம். வயல் வரம்பில் நின்ற தாய்மார் கையைச் சீலையில் துடைத்துவிட்டு வாங்கினார்கள். பார்க்காமல் மடித்து இடுப்பில் செருகினவர்களும் உண்டு. ஒரு கிழமைக்குள் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். பிள்ளைகள் வராவிட்டால் என்ன செய்வதென்று பதறியவன், இத்தனை பேரை எந்த வாங்கில் இருத்துவதென்று பதறத் தொடங்கினேன். எனக்குப் பதற ஒரு காரணம் கிடைக்காமல் போனதே இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை ஒரு அம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கண்டாவளையிலிருந்து பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார். கூடப் பதினோராம் தரம் படிக்கிற மகள். கையில் எங்கள் நோட்டீஸ். இடுப்பில் செருகிய மடிப்பு அதில் தெரிந்தது.

கதிரையில் இருக்கச் சொன்னோம். மகள் இருந்தாள். அவர் நின்றுகொண்டே நோட்டீஸில் இருந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எங்களிடம் கேட்டார். பதில் கீழேயே இருந்தது. ஆனாலும் எங்கள் வாயால் கேட்கவேண்டும் போல இருந்தது அவருக்கு. மனைவி பொறுமையாகச் சொன்னாள். பிள்ளைக்குக் கணக்கு வராது, மற்றப் பாடமெல்லாம் கெட்டிக்காரி, கணக்கில் சித்தியடையாவிட்டால் உயர்தரத்துக்கு எடுக்கமாட்டார்கள் என்று அவர் சொன்னார். அதற்குள் நான் புகுந்து, கணக்கு வராத பிள்ளைகள்தான் எங்களுக்குச் சோறு போடுகிறவர்கள் என்று ஒரு பகிடி விட்டேன். மகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. விரல் கடைசி வரிக்கு வந்து நின்றது.

“இதை ஆர் எழுதினது மாஸ்ரர்?”

நான் பெருமையோடு நான்தான் என்றேன். அச்சகக்காரருக்குப் போகவேண்டிய பெயரையும் நானே எடுத்துக்கொண்டேன்.

“இதே கதையை எனக்கு முந்தியும் சொன்னவை” என்றார். “ஒப்படையுங்கோ, நாங்கள் பொறுப்பு எண்டு. மூத்தவனை நான்தான் கையில பிடிச்சுக் கொண்டுபோய்க் குடுத்தனான். இவள் அப்ப கைக்குழந்தை. இடுப்பில இருந்தவள்.”

போரின் கடைசி நாளைச் சொல்கிறார் என்று அதற்குமேல் யாரும் விளக்கவேண்டியதில்லை. பெயரைப் பதிந்துவிட்டு விடுவோம், விசாரித்துவிட்டு விடுவோம் என்று ஆமிக்காரர் சொன்னதை நம்பி எத்தனையோ பேர் பிள்ளைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளை ஏற்றிய பஸ்கள் போனது போனதுதான். பெற்றோர் இன்றைக்கும் வீதியோரத்தில் கொட்டில் போட்டு, அந்தப் பிள்ளைகளின் படங்களைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். அந்தக் கொட்டிலைத் தாண்டித்தான் நான் நோட்டீஸ் கொடுக்கப் போனேன். அங்கே இருந்தவர்களுக்கும் இரண்டு மூன்று கொடுத்தேன்.

என் வாயில் ஒரு பகிடியும் வரவில்லை. வந்திருந்தால் அதையும் சொல்லியிருப்பேன், அது எனக்குத் தெரியும். மனைவி மேசையில் இருந்த நோட்டீஸ் கட்டைக் கவிழ்த்து வைத்தாள். வரியை வெட்டிவிடுகிறோம் அக்கா, தெரியாமல் போட்டுவிட்டோம் என்றேன். அவர் இல்லையென்று தலையாட்டினார்.

“வெட்ட வேண்டாம். அது பரவாயில்லை. அண்டைக்கு நான் பேரைக் கேக்கேல்லை. ஆரிட்டக் குடுத்தனான் எண்டு விசாரிக்க வாறவை இண்டைக்கும் கேக்கினம், எனக்குச் சொல்லத் தெரியேல்லை. நீங்கள் உங்கட பேரை எழுதித் தாங்கோ.”

நோட்டீஸில் ஊர் கூப்பிடுகிற என்னுடைய பட்டப்பெயர் இருந்தது. படிப்பு இருந்தது, பழைய படம் ஒன்று இருந்தது, அதில் தலைமயிர்கூட இருந்தது. பொறுப்பு யாருடையது என்பதற்கு நேரே மட்டும் பெயர் இல்லை. திருப்பி வைத்து எழுதினேன். என் முழுப்பெயர். அடையாள அட்டை இலக்கம். வீடு எந்த ஒழுங்கையில். மனைவி பேனையை வாங்கித் தன்னுடைய பெயரையும் எழுதினாள். பதினான்கு வருடமாக உயிர்கொடுத்துக் கணக்குப் படிப்பிக்கிறவனுக்குத் தன் அடையாள அட்டை இலக்கம் பாதியில் மறந்துபோனது. அவர் அவசரப்படுத்தவில்லை. எழுதி முடித்ததும் வாசித்துப் பார்த்து, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மகளின் தலையைத் தடவிவிட்டு வெளியே போனார்.

வகுப்பு நடந்தது. அன்றைக்குச் சமன்பாடு. அந்தப் பிள்ளை மூன்றாம் வாங்கில் இருந்து குனிந்தபடி எழுதியது. இடையில் மனைவி வந்து, மெல்ல, “வெளிய பாருங்கோ” என்றாள்.

பஸ் இரண்டு போய்விட்டது. அந்த அம்மா வீதிக்கு எதிர்ப்பக்கம் மதகுக் கட்டில் வெயிலில் இருந்தார். குடை இல்லை. எங்கள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி கதிரையோடும் தண்ணீரோடும் போனாள். தண்ணீரைக் குடித்தார், கதிரையை வேண்டாமென்றார். உள்ளே வந்து இருங்கள் என்று கெஞ்சியும் பார்த்தாள். பிள்ளைக்கு வெட்கமாக இருக்கும், மற்றப் பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள் என்று சொன்னாராம். பிறகு மனைவி கேட்காமலே சொன்னாராம்: “போங்கோ, போங்கோ எண்டு சொல்லிச்சினம். நான் போயிட்டன். நிண்டிருக்கலாம்.”

வகுப்பு முடிந்து தாயும் மகளும் ஒரே பஸ்ஸில் போனார்கள்.

அடுத்த சனிக்கிழமையும் அதுதான். அதற்கடுத்ததும். மிச்ச நோட்டீஸ்களின் கடைசி வரியை நானும் மனைவியும் கத்தரிக்கோலால் வெட்டினோம். அவர் வெட்ட வேண்டாமென்றுதான் சொன்னார், ஆனால் எங்களால் முடியவில்லை. கூலிக்கு அறுவடை வேலை இருந்த சனிக்கிழமைகளில் அவர் வேலைக்குப் போனார், அன்றைக்கு மகளும் வரவில்லை. மணி அடித்துக் கால் மணித்தியாலத்துக்குள் மனைவி போன் எடுப்பாள். பிள்ளை வீட்டில்தான் நிற்கிறது என்று தாய் வயலில் நின்றபடி மறுபக்கத்தில் சொல்வார். பிள்ளையை நானே கொண்டுவந்து கொண்டுபோய் விடுகிறேன் என்று ஒருநாள் போனை வாங்கிச் சொன்னேன்.

“நீங்கள் நல்ல மனிசன் மாஸ்ரர். அண்டைக்கும் நல்லாத்தான் கதைச்சவை.”

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. தவறிய பாடங்களை அடுத்தமுறை திரும்ப நடத்தினேன். மற்றப் பிள்ளைகள், மாஸ்ரருக்கு மறதி வந்துவிட்டது என்று கதைத்தார்கள். கதைக்கட்டும் என்று விட்டேன்.

மாரி தொடங்கிய ஒரு சனிக்கிழமை மழை தகரத்தில் விழுந்து, நான் சொல்வது முன் வாங்குக்கே கேட்கவில்லை. பிள்ளைகளிடம் ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு வீதியைக் கடந்தேன். அவர் சீலைத் தலைப்பைத் தலையில் போட்டபடி மதகில் இருந்தார். முழுக்க நனைந்திருந்தார்.

“உள்ளுக்கு வாங்கோ அக்கா.”

“போகச் சொல்லமாட்டியளே?”

“சொல்லமாட்டன்.”

எழும்பி வந்தார். கதவுக்குள் வந்து, கடைசி வாங்கின் ஓரத்தில், நனைந்த சீலையைச் சேர்த்துப் பிடித்தபடி இருந்தார். மகள் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த பிள்ளைதான் தள்ளி இடம் விட்டது. நான் பலகைக்குப் போய் அந்தக் கணக்கைச் செய்து காட்டத் தொடங்கினேன், பாதியில் பிழைத்துவிட்டது, அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கினேன். அவர் கணக்கைப் பார்க்கவில்லை. மகளின் பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.