மூன்றில் இரண்டு

எங்கள் தேயிலை மலையிலிருந்து ஆண்டுதோறும் ஒரு பிள்ளைக்குத்தான் கீழே தாப்பா பட்டணத்தில் இருக்கும் விடுதியில் இடம் கிடைக்கும். அங்கே தங்கிக்கொண்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகலாம். தோட்டத்தின் உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. மழை பெய்தால் மண்சாலையில் வேன் ஏறாது. வேன் வராத நாள்கள் கூடிக்கூடி, ஒருநாள் பிள்ளை பள்ளியையே விட்டுவிடும். நான் ஆறாம் ஆண்டு வகுப்பில் படிப்பித்த ஒரு பெண்ணின் அக்காவுக்கு அப்படித்தான் ஆனது. இப்போது அவள் அம்மாவோடு மலையில் கொழுந்து பறிக்கிறாள். தங்கைக்கு அந்த விடுதியை விட்டால் வேறு வழி இல்லை.

இடம் யாருக்கு என்பதை ஒரு அறிவியல் சோதனைதான் முடிவு செய்யும். அந்த ஆண்டு ரிங்லெட் பள்ளியிலிருந்து ஒரு மூத்த ஆசிரியர் கேள்வித்தாளைத் தயாரித்து, அதன் அமைப்பை ஒரே பத்தியாக எழுதி அனுப்பியிருந்தார். பாகம் அ, இருபது கேள்வி, தலா ஒரு புள்ளி. பாகம் ஆ, ஐந்து கேள்வி, தலா பத்து. பாகம் இ, மூன்று கேள்வியில் எவையேனும் இரண்டு, தலா பதினைந்து. பாகம் இ-யின் கேள்வி ஒவ்வொன்றிலும் இரண்டு பிரிவு, இரண்டாம் பிரிவுக்கு முதல் பிரிவைவிட இரு மடங்கு புள்ளி. இதைத் திருத்துபவர்களுக்கான புள்ளி அட்டவணையாக மாற்றுவது என் வேலை. நாங்கள் அதை ஸ்கீமா என்போம்.

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம், ஆனால் கட்டம் போடுவதில் கை சுத்தம். கேள்வி எண், பிரிவு, எதிர்பார்க்கும் விடை, புள்ளி, குறிப்பு என்று ஐந்து நெடுங்கட்டங்கள் போட்டேன். பாகம் இ-யில் முதல் பிரிவுக்கு ஐந்து, இரண்டாம் பிரிவுக்குப் பத்து. பத்தை அப்படியே விட்டால் ஒருவர் ஆறு போடுவார், இன்னொருவர் ஒன்பது போடுவார். அதனால் அதையும் உடைத்தேன்: இரண்டு காரணங்கள், காரணத்துக்கு இரண்டு புள்ளி, விளக்கத்துக்கு மூன்று. கடைசியில் கூட்டிப் பார்த்தால் நூற்றுப் பதினைந்து வந்தது. என்னடா இது என்று தேடினேன். மூன்று கேள்வியையும் கூட்டியிருக்கிறேன். கேள்விகள் மூன்றையும் வரிசையில் வைத்துவிட்டு, கீழே 'அதிகபட்சம் முப்பது' என்று போட்டதும் நூறு சரியாக வந்தது.

அப்போதுதான் அடுத்த கேள்வி எழுந்தது. பிள்ளை மூன்றையும் எழுதிவிட்டால்? அமைப்பில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

என்னோடு திருத்த வந்த இளம் ஆசிரியர், "நல்லா எழுதுன ரெண்ட எடுத்துக்கலாம்லா டீச்சர், பாவம் பிள்ளைங்க" என்றார்.

"அப்படின்னா சொன்னபடி ரெண்டே எழுதுன பிள்ளைக்கு ஒரே வாய்ப்பு, சொன்னத கேக்காத பிள்ளைக்கு ரெண்டு வாய்ப்பா? அது எந்த ஊரு நியாயம் தம்பி?"

ரிங்லெட் ஆசிரியரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டோம். "முத ரெண்டுதான். அடிச்சத விட்டுருங்க" என்றார். குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்: 'மூன்றும் எழுதியிருந்தால் முதல் இரண்டு மட்டும். மாணவர் கோடிட்டு அடித்த விடை கணக்கில் இல்லை.' மூவரும் ஒப்புக்கொண்டோம். கேள்வித்தாளிலும் இரண்டுக்கு மட்டும் விடையளிக்கவும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

ஆனால் எங்கள் பிள்ளைகளிடம் ஒரு பழக்கம் உண்டு. எதையும் காலியாக விடமாட்டார்கள். மலையில் ஆளுக்கொரு நிரை கொடுப்பார்கள். தன் நிரையில் ஒரு செடியை விட்டுவிட்டு வந்தாலும் கங்காணியிடம் ஏச்சு விழும். அந்த ஏச்சைக் கேட்ட அம்மாக்கள்தான் வீட்டில் பாடம் பார்க்கிறார்கள். "ஒரு கேள்வியையும் விட்டுட்டு வராதே" என்றுதான் சோதனை நாள் காலையில் சொல்லி அனுப்புவார்கள். பள்ளியில் நாங்களும் அதையே சொல்வோம்.

சனிக்கிழமை காலை எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் திருத்த உட்கார்ந்தோம். தாள்களில் பெயர் இல்லை, எண் மட்டும்தான். எண் வரிசையை வைத்துப் பார்த்தால் கியா பார்ம் பள்ளிப் பிள்ளை, ஒன்று மூன்றையும் எழுதியிருந்தது. மூன்றாவதை இருவரும் கண்ணை மூடிக்கொண்டு தள்ளினோம். மற்றவை எல்லாம் முடிந்து கடைசியாக இன்னொரு தாள் வந்தது. அதிலும் மூன்று விடை. எழுத்தைப் பார்த்ததும் அந்தத் தங்கைதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வலப்பக்கம் சாயும் அந்த 'ழ'வை ஓராண்டு முழுக்கத் திருத்தியவள் நான்.

முதல் விடைக்கு ஒன்பது. இரண்டாவது சொதப்பல், நான்கு. மூன்றாவது, உணவைக் காயவைத்தால் ஏன் கெடுவதில்லை என்ற கேள்வி. தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி உலர்த்துவதை எழுதி, ஈரம் போனால் நுண்ணுயிர் வளராது என்று காரணமும் விளக்கமும் பிசகாமல் எழுதியிருந்தாள். நான் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். முழுப் பதினைந்து. அது சேர்ந்தால் இடம் அவளுக்கு. சேராவிட்டால் நான்கு புள்ளியில் இன்னொரு பிள்ளைக்குப் போகும்.

இளம் ஆசிரியர் எட்டிப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. கதவைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "அந்தக் குறிப்ப மாத்திடலாம் டீச்சர். கியா பார்ம் தாளையும் மாத்தித் திருத்திடுவோம். எல்லாருக்கும் ஒண்ணுதானே."

நியாயமாகத்தான் பட்டது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. இந்தத் தாள் வரும்வரை அந்தக் குறிப்பை மாற்ற வேண்டுமென்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லையே. சொன்னதைக் கேட்டு இரண்டோடு நிறுத்திய பிள்ளையின் முகம் எனக்குத் தெரியாது. தெரியாத முகம் என்பதற்காக அதன் இடத்தைப் பிடுங்குவதா?

"சும்மா இருங்க தம்பி" என்று எரிந்து விழுந்தேன். அவர் மேல் என்ன தப்பு? பதின்மூன்று என்று சிவப்பில் எழுதினேன். பிறகு கை கழுவும் இடத்துக்குப் போய் அழுதேன்.

முடிவு வெளியான அன்று மாலை நானே அந்தப் பெண்ணின் லயத்து வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா அப்போதுதான் மலையிலிருந்து இறங்கியிருந்தார். பெண் உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. தாளைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படுவார், ஏசுவார், வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன்.

அவர் பென்சில் எண்ணைத் தொட்டுப் பார்த்தார். "மூணாவது சரியா எழுதியிருக்காளா டீச்சர்?"

"முழுசும் சரிம்மா. அவ எழுதுனதுலயே அதான் நல்லா இருக்கு."

"அப்ப அத கணக்குல சேக்குறதுக்கு அவ என்னதான் செஞ்சிருக்கணும்?"

பொய் சொல்ல முடியாது. "ரெண்டாவது விடை மேல ஒரு கோடு போட்டு அடிச்சிருந்தா போதும்."

அவர் கொழுந்துச் சாற்றில் கறுத்த விரலை இரண்டாவது விடையின் மேல் வைத்து, இடமிருந்து வலமாக மெல்ல இழுத்தார். தாளில் எதுவும் விழவில்லை.

"நான்தான் டீச்சர் எதையும் விட்டுட்டு வராதன்னு சொன்னேன்" என்றார்.